தளம் போடும் நாள் காலை

மாதேஷ்,

பாலக்கோடு சைட்டுக்கு சூப்பர்வைசராகப் போகிறாய் என்று எழுதியிருந்தாயே, ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லாரும் சௌக்கியம். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு வீட்டு வேலை ஓடுகிறது, போன வாரம்தான் தளம் போட்டோம். காலையில் ஆள் பிரிப்பது எப்படி என்று கேட்டிருந்தாய், அந்த ஒரு நாளையே சொல்கிறேன்.

ஆள் வருவதற்கு முன்னால் நீ சைட்டில் இருக்க வேண்டும். கான்கிரீட் ஆட்கள் வந்து மிக்ஸரை ஓட்டிவிட்டால் அப்புறம் எதையும் நிறுத்த முடியாது, மேஸ்திரி 'பார்த்துக்கலாம் சார்' என்பார், நீயும் விட்டுவிடுவாய்.

முதலில் சிமெண்ட். தளம் 1,000 சதுர அடி, 5 அங்குல கனம், அதுவே 12 கன மீட்டருக்குப் பக்கம் வரும், பீமெல்லாம் சேர்த்தால் 15. ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவையில் கன மீட்டருக்கு 8 மூட்டை, ஆக 120. கணக்கு நோட்டில் 120 என்றுதான் இருந்தது, ஆனால் சுவர் ஓரம் அடியில் கிடந்த சில மூட்டைகள் ஈரம் வாங்கியிருந்தன. அமுக்கிப் பார், விரலால் நசுக்கினால் உதிரும் கட்டி பரவாயில்லை, கல் மாதிரி நிற்கிற மூட்டையைத் தனியாக எடுத்து வைத்துவிடு. கடைக்கு போன் போட்டு, மாற்று மூட்டை வண்டியில் ஏறிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் மிஷினை ஓட்டச் சொன்னேன். பாதியில் சிமெண்ட் தீர்ந்து கான்கிரீட் நின்றால், இறுகிய இடத்துக்கும் புதிதாகப் போடும் இடத்துக்கும் நடுவில் விழும் இணைப்பில்தான் பிறகு மழைத் தண்ணீர் ஒழுகும்.

முந்தின ராத்திரி மழை வேறு. எம்-சாண்ட் நனைந்து கிடந்தது. ஒரு மூட்டைக்குப் போடும் மணலில் நூற்றுக்கு ஐந்து ஈரம் இருந்தாலே 4 லிட்டர் தண்ணீர் கணக்கில் வராமல் உள்ளே போய்விடும். இந்தக் கலவைதான் எம் 20, அதற்கு சிமெண்ட் மூட்டைக்கு 30 லிட்டர் தண்ணீருக்கு மேல் போகக்கூடாது, மணலில் இருக்கும் ஈரமும் அதற்குள்தான். மிக்ஸர்காரரிடம் வாளியில் கோடு போட்டுக் கொடுத்தேன். கலவை இறுக்கமாக இருக்கிறது என்று பாண்டு தூக்குபவர்கள் சத்தம் போடுவார்கள், காதில் வாங்காதே.

மழையால் வந்த பெரிய வேலை, தளப் பலகையைக் கீழிருந்து தாங்கும் முட்டுதான். பின்பக்க அறையில் கொட்டி நிரவிய மண்ணின் மேல் ஜாக்கி நின்றது. கையால் ஆட்டிப் பார்த்தேன், மூன்று நான்கு லூசாக ஆடின, மேலே பலகைக்கும் ஜாக்கித் தலைக்கும் நடுவே விரல் போகும் சந்து. அடியில் மண் இறங்கியிருக்கிறது. கான்கிரீட் எடை ஏறினால் இன்னும் இறங்கும், தளம் அங்கே தொங்கிவிடும், மோசமாகப் போனால் ஆளோடு சேர்ந்து விழும். ஆகவே முதல் ஆள் பிரிப்பே அங்கேதான்: சென்ட்ரிங் ஆட்கள் இரண்டு பேர், அகலப் பலகை கீழே போட்டு, ஜாக்கியை இறுக்கி, குறுக்குக் கம்பு கட்டி முடிக்கும் வரை மேலே யாரும் ஏறவில்லை. ஒரு மணி நேரம் போச்சு, போகட்டும். அதில் ஒருவரை அன்று முழுக்க முட்டு வரிசைக்கு வெளியே நிறுத்தினேன், பார்க்க மட்டும். சும்மா நிற்கிறான் என்று ஓனர் முனகினார்.

கம்பி ஆளையும் முதல் நாளே கணக்கு முடித்து அனுப்பிவிடாதே. பாண்டு தூக்கி நடப்பவர்கள் மிதித்து மிதித்து பால்கனியின் மேல் கம்பி கீழே போய்விடும். நீட்டிக்கொண்டிருக்கும் தளத்துக்கு மேல் கம்பிதான் உயிர். அதைத் தூக்கிக் கட்ட ஒருவர் கான்கிரீட்டுக்கு முன்னாலேயே நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். வைப்ரேட்டருக்கு ஒருவர், மட்டத்துக்கு ஒரு கொத்தனார், மற்றவர்களை மேஸ்திரியே பிரித்துக்கொள்வார், அதில் நீ நுழையாதே.

சேஃப்டி பேச்சை நீட்டாதே. அன்றைக்கு அந்த இடத்தில் என்ன ஆபத்தோ அதை மட்டும் சொல். நான் சொன்னது மூன்று: லிஃப்ட் பெட்டிக்குக் கீழே யாரும் நிற்காதே, தெருப்பக்கம் 11 கே.வி. லைன் போகிறது, கம்பியோ அலுமினிய மட்டப்பலகையோ அந்தப் பக்கம் திருப்பாதே. பூட்ஸ், கையுறை இல்லாமல் கலவையில் இறங்காதே, சிமெண்ட் தண்ணீர் தோலை அரித்துப் புண்ணாக்கும், அது சாயங்காலம்தான் தெரியும். பீகார் பசங்க நாலு பேர் இருந்தார்கள், லைனுக்கு நேர் கீழே கூட்டிப்போய் நிறுத்திக் கையைக் காட்டினேன், பிறகு அவர்களையே திருப்பிச் சொல்லச் சொன்னேன். தலையாட்டுவதை நம்பாதே.

ஒன்பதரைக்கு ஆரம்பித்து ஐந்துக்கு முடிந்தது. பாலக்கோட்டில் உனக்கு அடியில் மண்ணா பாறையா என்று எழுது. வரும்போது என் லெவல் ட்யூபையும் கொண்டு வா, வாங்கிப்போய் ஒரு வருஷம் ஆகுது.

முனிராஜ்