செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: கோரிக்கைப் பதிவேடு

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் குடியிருப்போர் நலச் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டும் மாதந்தோறும் கூடியது. தொட்டி சுத்தம், பொங்கல் விழா எல்லாம் வழக்கம்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் விரிவாகச் சொல்ல வேண்டியது, இந்த ஆண்டு மாற்றி அமைத்த கோரிக்கைப் பதிவேட்டைப் பற்றித்தான்.

பழைய நோட்டில் தேதி, விவரம், குறிப்பு என்று மூன்றே கட்டங்கள். “வடிகால் மூடி உடைந்துள்ளது – சொல்லியாச்சு” என்று ஒரு வரி இருக்கும். கேட்டது யார், யாரிடம் சொன்னோம், அவர் என்ன பதில் தந்தார் என்று அதிலிருந்து தெரிந்துகொள்ள வழியில்லை. பொறுப்பாளர் மாறினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். இப்போது ஒரு கோரிக்கைக்கு அரைப் பக்கம் ஒதுக்கி, வரிசை எண் கொடுத்து எழுதுகிறோம்.

கேட்டவர் என்ற இடத்தில் பெயர், கதவு எண், கைபேசி எண் மூன்றும் வேண்டும். வாடகைக்கு இருப்பவரானாலும் அவர் பெயரைத்தான் எழுத வேண்டும், வீட்டு உரிமையாளர் பெயரை அல்ல. வேலை முடிந்ததா என்று நாளை நாம் கேட்கப்போவது அவரிடம்தான். அதே விஷயத்தை இன்னொருவர் கேட்டால் புதிய எண் வேண்டாம். பழைய பதிவிலேயே அவர் பெயரையும் தேதியையும் சேர்த்தால் போதும். தேதி இரண்டு: கேட்ட நாள், பதிந்த நாள். காவலாளியிடம் வாய்மொழியாகச் சொன்னது நோட்டுக்கு வர எத்தனை நாள் ஆகிறது என்பது இந்த இரண்டையும் பார்த்தால் தெரிந்துவிடும்.

அதிக நேரம் விவாதித்தது வாக்கு என்ற கட்டத்தைப் பற்றி. “பார்க்கிறோம்” என்று எழுதினால் அது வாக்கு ஆகாது. யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்வதாகச் சொன்னார் என்று இருக்க வேண்டும். அதிலும் நம் கையில் உள்ளதை மட்டுமே சொல்லலாம். மூடியை மாற்றுவது சங்கத்தின் வேலை இல்லை. புகார் கொடுப்பதும் விடாமல் கேட்பதும்தான் நம் வேலை. “மூடி போட்டுத் தருகிறோம்” என்று எழுதிவிட்டால் வேறொருவர் செய்ய வேண்டியதற்கு நாம் பொறுப்பேற்றதாகிவிடும்.

நிலை என்ற இடத்தில் எதையும் அடித்து எழுதுவதில்லை. மாற்றம் வரும்போதெல்லாம் கீழே தேதியுடன் புது வரி. ஒவ்வொரு வரியிலும் இப்போது விஷயம் யார் கையில் இருக்கிறது, அடுத்து என்று பார்க்க வேண்டும் என்ற இரண்டும் இருக்க வேண்டும். வெறுமனே “நிலுவை” என்று எழுதிய பதிவை யாரும் மறுபடி திறப்பதில்லை.

14-ஆம் எண் பதிவைப் பாருங்கள். மூன்றாம் குறுக்குத் தெரு மழைநீர் வடிகால் மூடி உடைந்தது பற்றி, அந்தத் தெருவில் வாடகைக்கு இருக்கும் ஓர் அம்மா 3.10.2024 அன்று காவலாளியிடம் சொன்னார். பதிந்தது 5.10. வாக்கு: “இன்று மாலைக்குள் பலகையும் சிவப்புத் துணியும் வைப்பது, 8.10-க்குள் எழுத்துப் புகார் கொடுப்பது, பொறுப்பு செயலாளர்.” அதன் கீழே நிலை வரிகள்:

5.10 – பலகை வைத்தாயிற்று.
7.10 – புகார் கொடுத்து எண் வாங்கியது. அலுவலகத்தின் கையில். அடுத்து 21.10.
19.10 – புகார் முடிந்ததாகக் குறுஞ்செய்தி.
20.10 – கேட்டவரிடம் விசாரித்ததில் மூடி அப்படியே. மீண்டும் திறந்தது.
21.10 – இரண்டாம் புகார். அடுத்து 5.11.
6.11 – பதில் இல்லை. எடுத்த நடவடிக்கை கேட்டு தகவல் மனு. அடுத்து 6.12.
2.12 – புது மூடி போட்டார்கள்.
4.12 – கேட்டவர் பார்த்துக் கையெழுத்திட்டார். முடிந்தது.

19.10 வரியோடு முடித்திருந்தால், மழைக்காலம் முழுக்க அந்தக் குழி நோட்டில் மூடியும் தெருவில் திறந்தும் இருந்திருக்கும். அதனால்தான் கேட்டவர் ஒப்புக்கொள்ளாமல் “முடிந்தது” என்று எழுதக் கூடாது என்று வைத்திருக்கிறோம். தேதிகள் இன்னொரு விதத்திலும் உதவின. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்படி மனு கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். மனு சேர்ந்த தேதி கையில் இல்லாதவருக்கு அந்தக் கெடு எப்போது முடிகிறது என்றே தெரியாது.

செய்ய முடியாத கோரிக்கைகளும் வருகின்றன. அவற்றுக்கு “இயலாது” என்று காரணத்தோடு எழுதி, கேட்டவரிடம் சொன்ன தேதியையும் குறிக்கிறோம். மாதக் கூட்டத்தில், அடுத்துப் பார்க்க வேண்டிய தேதி கடந்த பதிவுகளை மட்டும் வாசிக்கிறோம். அதனால் கூட்டம் நீளவில்லை.

ஒரே ஒரு குறை இன்னும் இருக்கிறது. திறந்திருக்கும் பதிவுகளின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லிச் சில உறுப்பினர்கள் கேட்டார்கள். நியாயமான கேட்பு. ஆனால் பெயரும் கைபேசி எண்ணும் பலகைக்குப் போகக் கூடாது. பக்கத்து வீட்டுச் சத்தம் பற்றிப் புகார் சொன்னவருக்குச் சங்கடம் வரும். எனவே எண், விஷயம், வாக்கு, நிலை ஆகிய நான்கை மட்டும் மாதம் ஒருமுறை ஒட்டலாம் என்பது செயற்குழுவின் பரிந்துரை. இதற்கும், பதிவேட்டைப் பராமரிக்க இணைச் செயலாளரை நியமிப்பதற்கும் பொதுக்குழு ஒப்புதல் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்