அரை டிக்கெட் கடைசியில் வரட்டும்: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு,

மட்டக்களப்பு நகரத்து வாகன நெரிசலைப் பற்றி நீ கட்டிய நகைச்சுவைப் பாட்டைக் கேட்டேன். பைலா மெட்டு நன்றாகப் பொருந்தியிருக்கிறது. மேடையில் பாடுமுன் இரண்டாவது சரணத்தை மட்டும் திருத்திவிடு. நீ எழுதியது இது:

பொல்லாத நெரிசலில் பஸ்ஸிலே போகையில்
பஸ்ஸுக்குள் பிள்ளை பிறந்ததடா!
அரசடி இன்னமும் வரவில்லை, ஐயையோ,
ஆர்தான் இதற்கொரு முடிவுசொல்வார்?

பிள்ளை இரண்டாம் வரியிலேயே பிறந்துவிட்டது. சபை அங்கே சிரித்துவிடும். மீதி இரண்டு வரியில் நீ முறைப்பாடு எழுதியிருக்கிறாய். அதை மாநகர சபைக்கு அனுப்பலாம், பாட்டுக்கு ஆகாது. அத்துடன், அந்தப் பிள்ளை எங்கிருந்து வந்தது? பயணிகளில் ஒருத்தி நிறைமாதமாக இருந்தாள் என்றால் அது செய்தி. பஸ்ஸில் ஏறும்போது முன்பின் தெரியாத இருவருக்குப் பிறந்தால்தான் பொய் பெரிதாகிறது.

நாகப்பட்டினத்துக் காத்தானின் சத்திரத்தைக் காளமேகம் பாடியதை நினைத்துப் பார். பொழுது சாயும்போது அரிசி வருகிறது, குத்தி உலையிலிடும்போது ஊர் அடங்குகிறது, ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி எழுகிறது. அரிசியும் உலையும் அகப்பையும் எந்த வீட்டிலும் இருப்பவை. அவர் நீட்டியது நேரத்தை மட்டுமே. ‘தாமதம்’ என்ற சொல்லையே அவர் எடுக்கவில்லை என்பதையும் பார்.

நீயும் அப்படியே செய். தெற்கிலிருந்து நகரத்துக்கு வரும் பஸ் எந்த ஒழுங்கில் ஊர்களைக் கடக்கிறது என்பது சபையில் எல்லோருக்கும் தெரியும். அந்த ஒழுங்கைக் குலைக்காதே. ஒவ்வோர் ஊருக்கும் வாழ்க்கையில் ஒரு கட்டத்தைக் கொடு:

ஆரையம் பதியிலே பஸ்ஸிலே ஏறினேன்,
அருகில் இருந்தவள் பேர்கேட்டேன்;
காத்தான் குடியிலே கைவிரல் தொட்டது,
கல்லடிப் பாலத்தில் தாலிகட்டு;
அரசடிச் சந்தியில் ஆண்பிள்ளை பிறந்தது,
நடத்துநர் கேட்டதோ அரைடிக்கெட்டு!

நெரிசல் என்ற சொல் இதில் எங்கும் இல்லை. பிள்ளை பிறப்பது உச்சம் என்று சபை நினைத்துச் சிரிக்கத் தொடங்கும்போது நடத்துநர் வந்து நிற்கிறார். கலியாணம், பிரசவம் எதற்கும் அவர் அசையவில்லை, கணக்கில்தான் கண். சிரிப்பு அந்த மனிதரால் வருகிறது. ‘டிக்கெட்டு’ கடைசிச் சொல்லாக வந்தே ஆக வேண்டும். ‘அரைடிக்கெட்டு நடத்துநர் கேட்டார்’ என்று மாற்றிப் பாடினால், சபை சிரிக்கும் சத்தத்தில் ‘நடத்துநர் கேட்டார்’ அநாதையாகிவிடும். ‘தாலிகட்டு’ என்று முன்பே ஓர் இயைபை வைத்திருப்பதும் இதற்காகத்தான். அந்த ஓசைக்கு ஒரு ஜோடி வரும் என்று காது காத்திருக்கும், என்ன ஜோடி என்று மட்டும் தெரியாது.

பாடும்போது கடைசி வரிக்கு முன்னே வாத்தியங்கள் எல்லாம் நிற்கட்டும். வெறும் குரலில், மெட்டைக்கூடக் கொஞ்சம் விட்டுவிட்டுப் பேசுவதுபோல் சொல். சொன்ன உடனே பல்லவியை எடுக்காதே. சிரிப்பு உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கும்போது தோல்கி நுழையட்டும். முழுவதும் அடங்கும்வரை காத்திருந்தாலும் பிழை, மேடை குளிர்ந்துவிடும். ஒத்திகையில் ஒரு சோதனை செய்யலாம்: பாட்டைக் கேட்டிராத ஒருவரை முன்னால் இருத்து. அவர் ‘பிறந்தது’ என்ற இடத்திலேயே முழுதாகச் சிரித்து ஓய்ந்துவிட்டால் ஆறாம் வரி பலவீனம். பக்கத்திலிருப்பவரிடம் ‘என்ன சொன்னான்?’ என்று கேட்டால் உன் உச்சரிப்பில் குறை.

இன்னொன்று. உன்னுடைய சரணங்களில் மூன்று நேரத்தையே நீட்டுகின்றன. தாடி வளர்வது, பேரன் வருவது எல்லாம் இந்தப் பஸ்ஸின் தம்பிமார்தான். அவற்றில் ஒன்றை எடுத்துவிட்டு எண்ணிக்கையைப் பெருக்கு: பாடசாலை விடும் நேரத்தில் ஒரு மோட்டார் சைக்கிளில் பிள்ளைகள், பைகள், அப்பம்மா, தயிர்ச் சட்டி என்று ஏற்றிக்கொண்டே போ. கடைசியில் ஓட்டுபவருக்கு இடமில்லாமல், அவர் பின்னால் நடந்து வரட்டும்.

பழைய கல்லடிப் பாலத்தைப் பற்றிய சரணத்தை எடுத்துவிடு என்று உன் நண்பர்கள் சொன்னதாக எழுதியிருந்தாய். எடுக்காதே. 1924 இல் திறந்த அந்த ஒடுங்கிய பாலத்தில் ஒரு பக்கம் வரும்வரை மறுபக்கம் காத்து நின்றதை, 2013 இல் புதிய பாலம் வரும்வரை அனுபவித்தவர்கள்தான் முன்வரிசையில் இருக்கப்போகிறார்கள். அவர்களுக்கு நீ அதிகம் பொய் சொல்லவே வேண்டியதில்லை.

நம் வாவியின் பாடும் மீன்கள் தம் பாட்டை மறந்து ஹோர்ன் அடிக்கும் சரணம் அருமை. அதை முதலில் வைத்திருக்கிறாய், கடைசிக்குக் கொண்டுபோ. மீனே ஹோர்ன் அடித்த பிறகு எந்த நடத்துநர் வந்தும் பயனில்லை.

தோல்கி அடிக்கும் தம்பிக்கும் இதைக் காட்டு. ஒத்திகை எப்போது என்று எழுது. பாட்டைக் கேட்டிராத ஒருவரை நான் கூட்டி வருகிறேன்.

அன்புடன்,
மாமா