அம்மா கிணத்தடியில விழுந்த கதை

டேய் குகன்,

நாலு மாசமா உனக்குப் பதில் போடேல்லை, நீ போனமுறை எழுதின பேச்செல்லாம் வாசிச்சிட்டன், எல்லாம் எனக்குத் தேவைதான். சுகமா இருக்கிறம். தம்பியன் ஏ/எல் எடுத்திட்டான். மோகன் இப்பவும் அந்த மோட்டச்சைக்கிளை விக்கேல்லை, அதைப் பற்றிக் கேட்டுடாத.

விசயம் என்னெண்டா அம்மா போன மாசம் கிணத்தடியில விழுந்திட்டா. பயப்பிடாத, இடது மணிக்கட்டு மட்டும்தான் உடைஞ்சது, இடுப்பு தப்பினது பெரும் புண்ணியம். காலமை பதினொண்டரை மணி, நான் கடையில. வாளியைத் தூக்கேக்க பாசியில கால் வழுக்கி, கிணத்துக்கட்டில அடிபட்டு அப்பிடியே கிடந்திருக்கிறா. முக்கால் மணித்தியாலம் கழிச்சு பவளமக்கா பூப்பிடுங்க வந்து கண்டு, 1990 அம்புலன்சுக்கு அடிச்சு, பேந்துதான் எனக்குச் சொன்னவா.

இவ்வளவுக்கும் அம்மாட கையில அண்ணை ரொறன்ரோவில இருந்து அனுப்பின ஆப்பிள் வோச் கட்டியிருந்தது! விழுந்தா தானே கண்டுபிடிச்சு ஆக்களுக்கு அறிவிக்கும் எண்டு பெருமையடிச்சு அனுப்பினவர். அது ஒரு முணுமுணுப்பும் விடேல்லை. அண்ணைக்கு அடிச்சு ஏசினன், அவர் வோச் பழுது எண்டார். ரெண்டு பேருக்கும் விசர்.

அண்டிரவு முழுக்க நோண்டினன் மச்சான். வோச்சும் ஐபோனும் அண்ணை ஆறு மாசம் பாவிச்சது, அவரின்ர விபரத்தோடயே வந்தது. பிறந்த வருசம் 1983 எண்டு கிடக்குது. வயசு 55 இல்லாட்டி அதுக்கு மேல எண்டு போட்டிருந்தா விழுகையைக் கண்டுபிடிக்கிறது தானாவே ஓனாகும். அதுக்குக் குறைஞ்ச வயசெண்டா நாங்கள்தான் பாத்துப் போட வேணும். இதில `Only on during workouts` எண்டு இருந்தது, அதாவது உடற்பயிற்சி எண்டு ஸ்ராட் பண்ணினா மட்டும் கவனிக்கும். கிணத்தில தண்ணி அள்ளுறதை விடப் பெரிய வேர்க்கவுட் வேற இருக்கோ, ஆனா வோச்சுக்கு அது தெரியாதெல்லோ. இப்ப `Always on` ஆக்கியாச்சு, பிறந்த திகதியும் மாத்தியாச்சு.

ஆனா ஓனாக இருந்திருந்தாலும் என்ன நடந்திருக்கும் எண்டு யோசிக்க வயிறு கலங்கிச்சுது. பலமா விழுந்த அடியைக் கண்டா வோச் கையில தட்டி சத்தம் போடும். கிட்டத்தட்ட ஒரு நிமிசம் அசைவில்லாம இருந்தா 30 செக்கனை எண்ணத் தொடங்கும், சத்தம் கூடிக்கொண்டு போகும், அதுக்குப் பிறகுதான் அவசர இலக்கத்துக்கு கோல், அது முடிய எங்கட ஆக்களுக்கு இருக்கிற இடத்தோட மெசேஜ். ஆனா அம்மாட வோச்சில சிம் இல்லை, கோலும் மெசேஜும் போன் வழியாத்தான் போக வேணும். போன் சாமியறையில சார்ஜில. நடுவில மூண்டு சுவர், குசினி, பேந்து கிணறு. வைஃபை முன் விறாந்தை தாண்டாது. அப்ப மெசேஜ் எங்க போறது?

போனாலும் ஆருக்கு? பட்டியலில ஒரே பேர், அண்ணை. எங்கட பதினொண்டரை அவருக்கு விடிய ரெண்டு மணி, போனை சைலன்ரில போட்டு குறட்டை விடுற நேரம். நான் அஞ்சு நிமிசத் தூரத்தில இருக்கிறன், என்ர பேரில்லை. இப்ப நான், பவளமக்கா, பிறகுதான் அண்ணை. போனைச் சின்னப் பையில போட்டு அம்மாட கழுத்தில தொங்கவிட்டாச்சு, கோயில் மணி கட்டின மாடு மாதிரி இருக்குது எண்டு அவா புறுபுறுக்கிறா.

இன்னொண்டு கேள். ரெஸ்ற் பண்ணிப் பாப்பம் எண்டு நானே வோச்சைக் கட்டிக்கொண்டு மெத்தையில மூண்டுதரம் விழுந்தன். ஒரு சத்தமுமில்லை. அம்மா கைக்கட்டோட சிரிச்சுச் சிரிச்சு இருமிப் போனா. காரணம், அது பாக்கிறது கை போற போக்கையும் முடிவில விழுகிற அடியையும்தான், மெத்தையில அந்த அடி இல்லை. சிரிப்பு அதோட நிண்டுது, ஏனெண்டா போன கிழமை பிறஷர் குளிசை போட்டு தலை சுத்தி, அம்மா சுவரைப் பிடிச்சு மெல்ல மெல்லச் சறுக்கி நிலத்தில இருந்திட்டா. அதுக்கும் வோச் சும்மா இருந்தது. வயசு போனவை கனபேர் உப்பிடித்தானே விழுறவை, மரம் சாய்ஞ்ச மாதிரியே விழுகினம்? ஆகவே பக்கத்துப் பட்டனை அமத்திப் பிடிக்கப் பழக்கியிருக்கிறன். பிடிச்சா எண்ணிக்கை தொடங்கும், எடுத்தா நிண்டிடும். நாளுக்கு ஒருக்கா எண்ணத் தொடங்க விட்டிட்டு உடன எடுக்கச் சொல்லுவன், இப்ப பழகீட்டா.

உன்ர ஐயாவுக்கும் நீ வாங்கி அனுப்பினதெல்லோ? கோப்பாய்க்கு ஞாயிறு போறன், அந்தாளின்ர போனைத் துறந்து பாக்கிறன். பாஸ்வேட்டை இண்டைக்கே அனுப்பு, உன்ர பேர் மட்டும்தான் பட்டியலில கிடந்தா நான் என்ர பேரைப் போடுறன், கோவிக்காத.

உன்ர
சிவா