கசடு எங்கே திரும்புகிறது? பாடக்குறிப்பு எழுதும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டக் கல்லூரிகளில் சூழலியல் பாடக்குறிப்பு தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். காட்பாடியில் பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்குப் பாடம் வாசித்துக் காட்டுகிறேன். நீங்கள் அனுப்பும் குறிப்புகள் இப்போது பெரும்பாலும் யூனிகோடில் வருவதால், எழுத்தைத் திரைவாசிப்பான் தடுமாறாமல் படித்துவிடுகிறது. படம் வந்தால்தான் நின்றுவிடுகிறது, அதிலும் பாய்வுப்படம் வந்தால். எல்லாப் படங்களையும் பற்றி எழுத உட்கார்ந்தால் மடல் முடியாது. ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறேன்: தோல் தொழிற்சாலைக் கழிவுநீரைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் எப்படிச் சுத்தம் செய்கிறது என்ற படம். பாலாற்றில் கலந்த தோல் கழிவு பற்றி 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வழக்கு நம் ஊருடையது. இந்தப் படத்தைத் தாண்டி இங்கே சூழலியல் நடத்துவது கஷ்டம்.

அண்மையில் என்னிடம் வந்த குறிப்பு ஒன்றில் இந்தப் படத்துக்கு இருந்த மாற்று உரை, அதாவது நாம் ஆல்ட் டெக்ஸ்ட் என்று சொல்வது, ‘படம் 4.3’ மட்டுமே. இன்னொரு குறிப்பில் ஒருவர் மெனக்கெட்டு எழுதியிருந்தார். அவர் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எழுதியிருந்தது இப்படி: “மேலே இடப்பக்கம் நீலப் பெட்டி, அதிலிருந்து வலப்பக்கம் அம்பு, அடுத்து இன்னொரு நீலப் பெட்டி, அதற்குக் கீழே பழுப்புப் பெட்டி, அதற்குப் பக்கத்தில் வளைந்த அம்பு...” இப்படியே ஒன்றரைப் பக்கம். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி அதை இரண்டு முறை கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். “அக்கா, கசடு திரும்பி வருதுன்னு இருக்கு. எங்க திரும்பி வருது?” உரையில் அதற்குப் பதில் இல்லை. தாளில் எது எங்கே இருக்கிறது என்று சொன்ன உரை, எதிலிருந்து எது எங்கே போகிறது என்று சொல்லவில்லை.

அந்தப் படத்தில் 12 பெட்டிகள், 18 அம்புகள். அம்புகளில் 5 பின்னோக்கித் திரும்புபவை. பாய்வுப்படத்தின் உயிர் அம்பில்தான் இருக்கிறது. பெட்டிகளின் பெயரை மட்டும் வரிசையாகச் சொன்னால் அது வெறும் பட்டியல். ஆகவே முதல் வேலை, பெட்டிகளுக்கு எண் போடுவது. படத்தில் எண் இல்லை என்றாலும் விளக்கத்தில் போட்டுவிடுங்கள், முடிந்தால் படத்திலும் அதே எண்ணை எழுதிவிடுங்கள். வகுப்பில் “ஆறாவது பெட்டியைப் பாருங்க” என்று நீங்கள் சொல்லும்போது எல்லோரும் ஒரே இடத்துக்கு வருவார்கள்.

எண் போடும் வரிசையில்தான் பலர் சறுக்குகிறார்கள். அச்சிட்ட படத்தில் கசடு பிழியும் கருவி, முதல்நிலைத் தெளிவிப்பானுக்கு நேர் கீழே இருக்கிறது. கண்ணில் படும் வரிசையில் போனால் அது ஐந்தாவதாக வந்துவிடும். அப்புறம் தண்ணீரின் கதை பாதியில் அறுந்து, கசடின் கதை நடுவே நுழையும். தண்ணீர் போகும் தடத்தை முதலில் முடித்துவிடுங்கள்: 1 தோல் தொழிற்சாலை, 2 குரோம் மீட்பு அலகு, 3 சமநிலைத் தொட்டி, 4 முதல்நிலைத் தெளிவிப்பான், 5 காற்றூட்டத் தொட்டி, 6 இரண்டாம்நிலைத் தெளிவிப்பான், 7 மணல் வடிகட்டி, 8 ஆர்.ஓ., 9 ஆவியாக்கி. இவை முடிந்தபின் 10 கசடு பிழியும் கருவி. கடைசியில் முடிவுப் பெட்டிகள் இரண்டு: 11 உப்புக் கிடங்கு, 12 கசடைப் புதைக்கும் பாதுகாப்பான நிலம்.

இனி ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வரி. அதில் மூன்று விஷயம் போதும்: பெட்டியின் பெயர், அதற்குள் எங்கிருந்தெல்லாம் வருகிறது, அதிலிருந்து எங்கே செல்கிறது. மாதிரிக்கு நடுப்பகுதி மட்டும்:

4. முதல்நிலைத் தெளிவிப்பான். 3-லிருந்து வருகிறது. 2 வழிகள்: தெளிந்த நீர் 5-க்குச் செல்கிறது; கசடு 10-க்குச் செல்கிறது.
5. காற்றூட்டத் தொட்டி. 4, 6 இரண்டிலிருந்தும் வருகிறது. 1 வழி: 6-க்குச் செல்கிறது.
6. இரண்டாம்நிலைத் தெளிவிப்பான். 5-லிருந்து வருகிறது. 3 வழிகள்: தெளிந்த நீர் 7-க்குச் செல்கிறது, கசடில் ஒரு பகுதி 5-க்குத் திரும்பிச் செல்கிறது, மீதிக் கசடு 10-க்குச் செல்கிறது.

‘3 வழிகள்’ என்ற சொல்லை வழிகளுக்கு முன்னால் வைத்திருப்பதைக் கவனியுங்கள். கண்ணால் பார்ப்பவருக்குப் பெட்டியிலிருந்து மூன்று கோடு கிளம்புவது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். காதால் கேட்பவருக்கு, முதல் வழி முடிந்தவுடன் அடுத்தது இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது. எண்ணை முன்னால் சொல்லிவிட்டால், இரண்டு கேட்டாயிற்று, இன்னும் ஒன்று பாக்கி என்று அவர் காத்திருப்பார்.

பின்னோக்கிப் போகும் அம்புக்கு ‘திரும்பிச் செல்கிறது’ என்ற சொல்லைத் தவறாமல் போடுங்கள். மாணவி கேட்ட கேள்விக்குப் பதில் அந்த ஒரு சொல்லிலும் 5 என்ற எண்ணிலும் இருக்கிறது. கழிவைத் தின்னும் நுண்ணுயிரிகள் அந்தக் கசடில் உயிரோடு இருக்கின்றன. அவற்றைக் காற்றூட்டத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பினால்தான் அங்கே அவற்றின் அளவு குறையாமல் இருக்கும். இந்தக் காரணம் படத்தில் எழுதப்படவில்லை என்றால் மாற்று உரையில் சேர்க்காதீர்கள், பாடத்தில் எழுதுங்கள். பார்வையுள்ள பிள்ளைகளுக்கும் அது தேவைதானே. படம் சொல்வதை மட்டும் உரை சொன்னால் போதும்.

நிறம் பற்றியும் ஒரு வார்த்தை. நீலக்கோடு, பழுப்புக்கோடு, புள்ளிக்கோடு என்று எழுதாமல் நீர், கசடு, திரும்புதல் என்று அவற்றின் பொருளை எழுதுங்கள். சொல்லுக்குப் பதிலாக அம்புக்குறி அடையாளத்தையும் போட வேண்டாம். நிறுத்தற்குறிகளை எவ்வளவு வாசிக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் தம் திரைவாசிப்பானில் வேறுவேறாக வைத்திருப்பார்கள். சிலருடையது அந்த அடையாளத்தைப் பேசாமல் தாண்டிப் போய்விடும்.

சரி, இவ்வளவையும் எங்கே வைப்பது? மாற்று உரைப் பெட்டிக்குள் திணிக்க வேண்டாம். அங்கே போட்ட எண்வரிசை எண்வரிசையாக நிற்காது, எல்லாம் ஒரே நீளமான சரடாகிவிடும். கேட்பவர் 8-ல் இருக்கும்போது 5 என்ன என்று பார்க்கப் பின்னால் போக முடியாமல் முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கும். மாற்று உரையில் சுருக்கம் மட்டும் போதும்: “பாய்வுப்படம்: தோல் கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு. 12 பெட்டிகள், 18 அம்புகள். 1-ல் தொடங்கி 11, 12 ஆகியவற்றில் முடிகிறது. 5 அம்புகள் பின்னோக்கித் திரும்புகின்றன. முழு விளக்கம் படத்துக்குக் கீழே.” முழு விளக்கத்தைப் படத்துக்கு அடியில் சாதாரண எண்பட்டியலாகத் தட்டச்சு செய்யுங்கள். NVDA போன்ற திரைவாசிப்பானில் மேல், கீழ் அம்பு விசைகளால் வரி வரியாக முன்னும் பின்னும் போய்வரலாம்.

எழுதி முடித்ததும் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது, ஐந்து நிமிடம்கூட ஆகாது. படத்தில் அம்புகளை எண்ணுங்கள். விளக்கத்தில் ‘செல்கிறது’ என்ற சொல்லை எண்ணுங்கள். இரண்டும் 18 வர வேண்டும். ‘வருகிறது’ என்பதைச் சேர்க்காதீர்கள், அது அதே அம்பின் மறுமுனை. 17 வந்தால் பெரும்பாலும் விட்டுப்போயிருப்பது திரும்பும் அம்பு. இந்தப் படத்தின் விளக்கங்களில் அடிக்கடி விடுபட்டிருப்பது 10-லிருந்து 3-க்குப் போகும் அம்பு: கசடைப் பிழிந்தால் வடியும் நீர் சமநிலைத் தொட்டிக்கே திரும்புகிறது. அப்புறம், படத்தைப் பார்க்காத சக ஆசிரியர் ஒருவரிடம் உரையை மட்டும் வாசித்துக் காட்டி வரையச் சொல்லுங்கள். எங்கே பேனா நிற்கிறதோ அங்கே உங்கள் வரியைத் திருத்த வேண்டும்.

கோப்பு விஷயத்தில் எழுதிய உழைப்பு வீணாகிற இடங்கள் மூன்று. முதலாவது, பெட்டிகளையும் கோடுகளையும் வேர்டிலேயே தனித்தனியாக வரைவது. திரைவாசிப்பான் ஒவ்வொன்றையும் தனி உருவமாக, எந்த வரிசையிலோ தொடும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து `Group` செய்து, `In Line with Text` ஆக்கி, அந்தத் தொகுப்புக்கு ஒரே மாற்று உரை கொடுங்கள். இரண்டாவது, `Microsoft Print to PDF`. அதில் அச்சடித்தால் மாற்று உரை போய்விடும். `Save As` வழியாக PDF ஆக்குங்கள். `Options` பகுதியில் `Document structure tags for accessibility` தேர்வாகியிருக்க வேண்டும். மூன்றாவது, பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து பழகியவர்களுக்கு: மாற்று உரைப் பெட்டி எழுத்துருவைக் காப்பாற்றாது. நீங்கள் எழுதிய தமிழ் அங்கே பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத்தான் நிற்கும். அந்தப் பெட்டிக்குள்ளாவது யூனிகோடு பயன்படுத்துங்கள்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. 30 பெட்டிகளைத் தாண்டும் படத்தை எண்வரிசையாக எழுதினால் யாராலும் மனதில் வைத்துக்கொள்ள முடியாது. அப்போது படத்தையே பிரிக்க வேண்டும்: குரோம் மீட்பு ஒன்று, உயிரியல் சுத்திகரிப்பு ஒன்று, ஆர்.ஓ. முதல் உப்பு வரை ஒன்று. சொல்லப்போனால் பார்வையுள்ளவர்களுக்கும் அந்தப் பெரிய படம் புரிவதில்லை, அவர்கள் வாய் திறந்து சொல்வதில்லை. விரலால் தடவிப் பார்க்கும் புடைப்புப் படம் கிடைத்தால் நல்லது; கிடைத்தாலும் எண்வரிசை விளக்கம் வேண்டும், விரல் எங்கே நிற்கிறது என்பதை எண்தான் சொல்லும்.

கடைசியாகத் தேர்வு. ‘பெயரிடப்படாத பெட்டியைக் கண்டறிக’ என்று கேள்வி இருந்தால், மாற்று உரையில் விடையைச் சொல்லிவிடாதீர்கள். “6. பெயர் இல்லை, கேள்விக்குறி மட்டும்” என்று எழுதி, வரும் வழியையும் செல்லும் வழிகளையும் கொடுங்கள், பார்வையுள்ள மாணவருக்குக் கிடைக்கும் தடயம் அவ்வளவுதான். சொல்வதை எழுதுபவர் துணையோடு தேர்வு எழுதுபவருக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. எழுதுபவர் தன் போக்கில் படத்தை விளக்க முயன்றால் அந்த நேரம் அதிலேயே கரைந்துவிடும். ஆகவே எண்வரிசை விளக்கத்தைத் தனித்தாளில் அச்சிட்டு வினாத்தாளோடு சேர்த்துக் கொடுங்கள். வரும் பருவத் தேர்வுக்கே தொடங்கலாம். உங்களில் யாராவது விளக்கம் எழுதி, கேட்டுச் சரிபார்க்க ஆள் வேண்டும் என்றால், சனிக்கிழமை மாலைகளில் நானும் இரண்டு மாணவர்களும் காட்பாடியில் உட்கார்கிறோம். கோப்பைக் கொண்டு வாருங்கள், படத்தைக் காட்டாமல் வாசியுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசிப்பாளர், காட்பாடி