வாளியில் கரையாத பிள்ளையார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நீ "நல்லா இருக்கேன்பா" என்பாய், நான் "சரிம்மா" என்பேன், அதோடு முடிந்துவிடும். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போன முறை பார்த்தபோது கழுத்தெலும்பு தெரிந்தது.

சின்னவனும் நானும் பேசிய வீடியோவைக் குடும்பத்தில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். பெரிய மாமா இரண்டு முறை போன் செய்தார். "பேரன் கேட்ட கேள்வியும் அழகு, நீங்க சொன்ன பதிலும் அழகு" என்று அத்தை எழுதியிருந்தாள். நீயும் பார்த்துவிட்டாய் என்று குரூப்பில் தெரிகிறது. ஆனால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதினாறு நாள் ஆகிறது.

உன்னிடம் கேட்காமல் பிள்ளைக்குச் சாமி விஷயம் சொல்லிவிட்டேன் என்று வருத்தமா? நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். அன்றைக்கு நீ அறைக்குள் மீட்டிங்கில் இருந்தாய். அவன் உன் பழைய போனில் என்னைக் கூப்பிட்டு, போனை வாளிக்கு நேராகப் பிடித்தான். சதுர்த்திக்கு நீங்கள் வாங்கிய பிள்ளையார் உள்ளே கிடந்தார். மேலே பெயின்ட் மட்டும் படலமாக மிதந்தது. தும்பிக்கை, காது எல்லாம் அப்படியே இருந்தது. "மூணு நாளாச்சு தாத்தா. சாமிக்குப் போகப் பிடிக்கலையா?" என்று கேட்டான்.

நான் உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், பச்சைக் களிமண் பிள்ளையாராகப் பார்த்து வாங்கு என்று. விரலை நனைத்து அடிப்பக்கம் தேய்த்துப் பார்த்தால் போதும். மண்ணாக இருந்தால் விரலில் ஒட்டும், மண் வாசனை வரும். நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். அந்த மாவு தண்ணீர் சேர்த்தால்தான் இறுகுகிறது. இறுகிய பிறகு மூன்று நாள் வாளியில் போட்டாலும் கரையாது. சுட்ட மண்ணும் கரையாது. நம் கிணற்றில் விடும் பிள்ளையார் சாயங்காலத்துக்குள் உதிர்ந்து அடியில் சேறாகிவிடுவார், நீதான் எட்டி எட்டிப் பார்ப்பாயே. சரி, அலுவலகம் முடிந்து ஓடிவந்து கிடைத்ததை வாங்கியிருப்பாய். உன்னைக் குறை சொல்ல வரவில்லை.

"சாமி மேல தப்பில்லடா, பொம்மை அப்படி" என்று சொல்லி அதை வெளியே எடுத்து வைக்கச் சொன்னேன். அவன் விடவில்லை. "அப்ப சாமி எப்படிப் போவாரு?" என்றான். அப்போதுதான் மஞ்சள் பிள்ளையார் நினைவுக்கு வந்தது. அஞ்சறைப் பெட்டியிலிருந்து இரண்டு ஸ்பூன் மஞ்சள் தூள் எடுக்கச் சொன்னேன். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், அவன் மடமடவென்று ஊற்றிவிட்டான். குழம்பாகிவிட்டது. இன்னும் ஒரு ஸ்பூன் தூள் போட்டு இறுக்கி, கூம்பாகப் பிடித்தான். அருகம்புல் இல்லை, தொட்டியிலிருந்து ஒரு துளசி இலையைக் கிள்ளி வந்தான். பிள்ளையாருக்குத் துளசி வைப்பது வழக்கமில்லை என்று உன் அம்மா இருந்தால் சண்டைக்கு வந்திருப்பாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. (மேடையில் இருந்த மஞ்சள் கறைக்கு அவனைத் திட்டியிருந்தால், அந்தத் திட்டு எனக்குச் சேர வேண்டியது.)

"வாங்க சாமி"ன்னு கூப்பிடச் சொன்னேன், கூப்பிட்டான். ஒரு திராட்சை வைத்தான். அப்புறம் வடக்குப் பக்கம் கொஞ்சம் நகர்த்தி, "போயிட்டு வாங்க" என்று சொல்லச் சொன்னேன். கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுக் கலக்கினான். உடனே கரைந்துவிட்டது. மஞ்சள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப சாமி எங்க?"

"போயிட்டாருடா. மஞ்சள்தான் கரைஞ்சுது."

"எங்க போனாரு?"

"நீ கூப்பிடுறதுக்கு முன்னாடி எங்க இருந்தாரோ அங்க."

இதைத்தான் எல்லோரும் பாராட்டுகிறார்கள். வீடியோவும் இந்த இடத்தில் முடிகிறது.

ஆனால் பேச்சு அங்கே முடியவில்லை, பாப்பா. பக்கத்தில் உட்கார்ந்து எடுத்த உன் தம்பியிடம் மீதியை வெட்டச் சொன்னது நான்தான். எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் அதைப் பார்க்கவில்லை.

"எப்பக் கூப்பிட்டாலும் வருவாரா தாத்தா?" என்று கேட்டான். நானும் யோசிக்காமல் "வருவாரு" என்றேன். "ராத்திரி அம்மா அழுவுறப்பக் கூப்பிட்டேன். வரலையே" என்றான்.

மாப்பிள்ளை ஊரில்தான் இருக்கிறாரா? வேலையில் ஏதாவது பிரச்சினையா? பணமா? உடம்பா? நீ சொல்ல வேண்டாம். சொல்லத் தோன்றினால் சொல். நேரத்துக்குச் சாப்பிடு, வெறும் வயிற்றில் காபி குடிக்காதே.

அவனுக்கு என்ன பதில் சொன்னேன் என்பதுதான் நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம். நாக்கு நுனி வரைக்கும் ஒரு பதில் வந்துவிட்டது. "சாமி கும்பிட்டுட்டுப் படுடா, எல்லாம் சரியாயிடும்." அது முன்பே ஒரு தரம் நான் சொன்ன பதில். உன்னிடம் சொன்னது.

இரண்டாம் வகுப்பு படித்தாய். கூடத்தில் பாயில் படுத்திருந்தோம். அடுக்களையில் உன் அம்மா விளக்கை அணைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். நீ என் தோளைத் தொட்டு, "அப்பா, அம்மா அழுவுறாங்க" என்றாய். எனக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அன்றைக்கு மட்டுமில்லை, அந்த வருடம் பல ராத்திரி கேட்டது. ஏன் என்பதும் தெரியும், அதற்குக் காரணம் யார் என்பதும் தெரியும். "சாமி கும்பிட்டுட்டுப் படு" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தேன். நீ எழுந்து உட்கார்ந்து கைகூப்பிக்கொண்டிருந்தாய். ரொம்ப நேரம். நான் தூங்குவது போலக் கிடந்தேன். எழுந்துபோக வேண்டியவன் நான். போகாமல், என் வேலையைச் சாமி தலையில் வைத்தேன். காலேஜ் சேர்ந்த பிறகு நீ கோவிலுக்கு வருவதை நிறுத்தினாயே, அதற்காக உன்னை எவ்வளவு பேசியிருக்கிறேன். எதனால் நிறுத்தினாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. உன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க அவள் இல்லை. உன்னிடம் கேட்கிறேன்.

அதனால் சின்னவனிடம் அதைச் சொல்லவில்லை. வீடியோவில் பார்த்தால் நான் வெகுநேரம் வாயைத் திறக்காமல் இருப்பேன். அப்புறம், "சாமி ஏன் வரலைன்னு எனக்குத் தெரியலைடா. நீ அம்மா பக்கத்துல போய்ப் படுத்துக்க. ஒண்ணும் கேக்காத, சும்மா படுத்துக்க" என்றேன். "அது போதுமா?" என்றான். "தெரியலை. ஆனா அம்மாவுக்குத் தனியா இருக்காது" என்றேன். தலையாட்டிவிட்டுக் கிண்ணத்துத் தண்ணீரைத் துளசித் தொட்டியில் ஊற்றப் போய்விட்டான். அவன் வந்து படுத்தானா என்று தெரியவில்லை. வந்து படுத்திருந்தால், அனுப்பியது யார் என்று தெரிந்துகொள்.

அவனைக் கோபித்துக்கொள்ளாதே. அவன் யாரிடமும் கோள் சொல்லவில்லை, சாமியைப் பற்றித்தான் கேட்டான். முழு வீடியோவும் உன் தம்பியிடம் இருக்கிறது. வேண்டுமென்றால் உனக்கு அனுப்பச் சொல்கிறேன், இல்லை அழிக்கச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை மைசூர் எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்துவிட்டேன். சனிக்கிழமை காலை அங்கே இருப்பேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், ஆட்டோ பிடித்து வந்துவிடுவேன். விசாரிக்க வருகிறேன் என்று நினைக்காதே. நம் குளத்துக் களிமண்ணை ஈரத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், சின்னவனும் நானும் ஒரு பிள்ளையார் செய்ய வேண்டும். கண்ணுக்குக் குன்றிமணி கொண்டுவரவில்லை, அது விஷம், அவன் எதையும் வாயில் போடுகிற பிள்ளை. மிளகு வைத்துக்கொள்ளலாம்.

எனக்கென்று தனியாக எதுவும் சமைக்காதே. ரசம் இருந்தால் போதும்.

இப்படிக்கு
அப்பா