எழுத்துத் திரைக்கு நீங்கள் தந்த கோட் பற்றிய புகார்

தலவாக்கலை

முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா,

உங்களிடம் வாங்கிய 16x2 எல்சிடி கிட் பற்றி நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. எங்கள் ஊர்க் கொழுந்து மடுவத்துத் தராசில் நிறையைக் காட்டுவதற்காகத்தான் அதை வாங்கினேன். கொழுந்து கொண்டுவருகிறவர்களுக்குத் தங்கள் கிலோ கண்ணுக்குத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் மடுவத்தில் தினமும் சண்டைதான். போன வருடம் வாங்கிய முதல் கிட் இன்றும் நன்றாக ஓடுகிறது. இம்முறை வாங்கியதில் `KILO` என்று வர வேண்டிய இடத்தில் ஒரு ஜப்பானிய எழுத்து, ஒரு வெற்றிடம், இன்னொரு ஜப்பானிய எழுத்து, கடைசியில் கிரேக்கத் தீற்றா. மாற்றி அனுப்பிய இரண்டு திரைகளிலும் இதே கதை.

"உங்கள் பக்கம் குளிரும் பனியும் அதிகம், அதனால் இருக்கலாம்" என்று பதில் எழுதினீர்கள். குளிர் எழுத்தை மங்கச் செய்யும், கொன்ட்ராஸ்ட் திருகைச் சற்றுத் திருப்ப வைக்கும். K-ஐ ஜப்பானிய எழுத்தாக மாற்றாது.

நடந்தது இதுதான். நான்கு பிட் முறையில் ஒரு எழுத்து இரண்டு பாதியாகப் போகிறது. K என்பது 4B. முதலில் 4, பிறகு B, ஒவ்வொன்றுக்கும் இனேபிள் பின்னில் ஒரு துடிப்பு. அந்தத் துடிப்பு இறங்கும்போதுதான் திரை தகவலை எடுத்துக்கொள்கிறது. முதல் 4-இன் துடிப்பை அது தவறவிட்டால், B-யும் அடுத்த எழுத்தான I (49) இன் 4-உம் ஒன்றாகி B4 ஆகும். பிறகு 94, C4, F2 என்று வரிசை முழுதும் அரை எழுத்து சறுக்கிவிடும். HD44780-இன் ஜப்பானிய எழுத்துப் பட்டியலை எடுத்து ஒப்பிட்டேன். திரையில் வந்த நான்கும் வரிசை மாறாமல் அவைதான்.

அப்படியானால் துடிப்பு ஏன் தவறியது? கேபிள்தான் நீளமோ என்று முதலில் என்னையே சந்தேகப்பட்டேன். ஒரு மீற்றரைப் பத்து சென்ரிமீற்றராக வெட்டியும் மாற்றமில்லை. மின்னழுத்தம் 4.9 வோல்ட், அதிலும் குறையில்லை. பிறகு உங்கள் கோட்டைப் பார்த்தேன்:

```c
PORTB |= (1 << PB0);
PORTB &= ~(1 << PB0);
```

16 மெகாஹேர்ட்ஸ் ATmega328P-இல் இந்த இரண்டு வரியும் `sbi`, `cbi` என்ற இரண்டு கட்டளைகளாகின்றன, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுற்று. இனேபிள் மேலே நிற்பது வெறும் 125 நானோ செக்கன். லொஜிக் அனலைசரை 24 மெகாஹேர்ட்ஸில் வைத்துப் பார்த்தேன், மூன்று புள்ளி அகலம்தான். 5 வோல்ட்டில் குறைந்தது 230 நானோ செக்கன் வேண்டும் என்று HD44780-இன் டேட்டாஷீட் சொல்கிறது. 3 வோல்ட் பக்கம் போனால் 450. பழைய திரையின் சிப் வேகமானது போலும், பாதி நேரத்திலும் சமாளித்துக்கொண்டது. புதியதில் அந்தக் கறுப்புப் பொட்டுக்குள் வேறு சிப் இருக்க வேண்டும். அதைக் குறை சொல்ல முடியாது.

உங்கள் கடையில் Arduino-வின் LiquidCrystal நூலகத்தைக் கொண்டு சோதித்து "திரை நல்லது" என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். அந்த நூலகம் துடிப்பை ஒரு மைக்ரோ செக்கனுக்கு மேல் பிடித்துவைக்கிறது. கிட்டோடு தருவது அந்தக் கோட் இல்லையே!

இரண்டு வரிக்கும் நடுவில் `_delay_us(1);` போட்டேன், கடைசியிலும் ஒன்று. `KILO` ஒழுங்காக வந்தது. அப்புறம் போர்டின் ரீசெட் பட்டனைத் தட்டினால் மறுபடியும் குப்பை, இன்னொரு முறை தட்டினால் சரியாகிவிடுகிறது! தொடக்கத்தில் 2 என்ற அரை பைட்டை ஒரே ஒரு தடவை அனுப்பிவிட்டு நேராக 28-க்குப் போகிறீர்கள். மின்சாரம் புதிதாக வந்த திரைக்கு அது போதும். ரீசெட் தட்டும்போது திரையின் மின்சாரம் துண்டிக்கப்படுவதில்லை, அது ஏற்கெனவே நான்கு பிட்டில் இருக்கிறது. அந்த 2 ஒரு எழுத்தின் முதல் பாதியாகிவிடுகிறது, மற்றதெல்லாம் சறுக்குகிறது. முதலில் 3-ஐ மூன்று தடவை, முதல் தடவைக்குப் பின் 4.1 மில்லி செக்கனுக்கு மேலும் இரண்டாவதற்குப் பின் 100 மைக்ரோ செக்கனுக்கு மேலும் இடைவெளி விட்டு அனுப்பி, அதன் பிறகே 2 அனுப்ப வேண்டும். திரை எந்த நிலையில் இருந்தாலும் அந்த மூன்று 3-களில் எட்டு பிட்டுக்குத் திரும்பிவிடும். அப்படி மாற்றிய பிறகு இருபது தடவை தட்டிப் பார்த்தேன், ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

ஆகவே, நல்ல திரைகள் இரண்டைத் திருப்பி அனுப்ப நான் செலவழித்த தபால் கூலியைத் தாருங்கள், பற்றுச்சீட்டுகள் இணைத்திருக்கிறேன். கிட்டோடு வரும் தாளில் இந்த இரண்டு இடத்தையும் திருத்துங்கள். இதே கிட்டை வாங்கிய மற்றவர்களுக்கும் அறிவியுங்கள், அவர்களும் பனியைத்தான் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு வாரத்துக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்