வெந்நீர் அமிலம் ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வெந்நீர் பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி: "தண்ணீரைச் சூடாக்கினால் அதன் பி.எச். 7-க்குக் கீழே இறங்கி அது அமிலமாகிவிடுகிறது." பக்கத்திலேயே ஒரு படம். ஆவி பறக்கும் கண்ணாடிக் குவளை, அதற்குள் பி.எச். மீட்டர், திரையில் 6.5. கொதித்த வாலைவடிநீரை 60 டிகிரிக்கு ஆறவிட்டு அளந்ததாகப் படத்தின் கீழே குறிப்பு.

மறுநாள் காலை எதிர்வீட்டு அம்மா வாசலில் வந்து நின்றார். அவருடைய மாமியாருக்கு 83 வயது, நெஞ்செரிச்சல்காரர். "டீச்சர், இனிமே அத்தைக்கு வெந்நீர் குடுக்கிறதில்லன்னு வச்சுட்டேன். அமிலமாம். பேப்பர்லயே போட்டிருக்கு" என்றார். கோத்தகிரிக் குளிரில் விடியற்காலையில் பச்சைத் தண்ணீரை வாயில் வைத்தால் பல் கூசும். அன்றிலிருந்து மூன்று நாளாக அந்தக் கிழவி அதைத்தான் குடிக்கிறார். அரை மணி நேரம் உட்கார வைத்துச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், நம்பவில்லை. 31 வருடம் வேதியியல் நடத்தியவளின் பேச்சைவிட உங்கள் ஒரு வரி அவருக்குப் பெரிதாக இருந்தது. அதனால்தான் தங்களுக்கே எழுதுகிறேன்.

மீட்டர் பொய் சொல்லவில்லை. 60 டிகிரியில் தூய நீரின் பி.எச். ஏறக்குறைய 6.5தான். அதை அமிலம் என்று படித்ததுதான் பிழை.

தங்களுக்குத் தெரியாததல்ல. தூய நீரிலும் மிகச் சில மூலக்கூறுகள் உடைந்து ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியுமாகப் பிரிந்து நிற்கின்றன. 25 டிகிரியில் சுமார் 55 கோடி மூலக்கூறுகளுக்கு ஒன்று இப்படி உடைந்திருக்கும். இரண்டு அயனிகளின் செறிவையும் பெருக்கினால் வருவதுதான் நீரின் அயனிப் பெருக்கம். 25 டிகிரியில் அது 1.0 × 10⁻¹⁴. இரண்டும் சம அளவு என்பதால் ஒவ்வொன்றும் லிட்டருக்கு 10⁻⁷ மோல். ஹைட்ரஜன் அயனிச் செறிவின் மடக்கையில் எதிர்க்குறியை நீக்கினால் கிடைப்பதே பி.எச். 7 என்பது இங்கிருந்து வந்த எண்தான்.

மூலக்கூறு உடைய வெப்பம் வேண்டும். அமிலமும் காரமும் சேர்ந்து நீராகும்போது குழாய் கையில் சூடாவதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடத் தொட்டுப் பார்த்திருக்கும். அதே வினை திரும்பி நடந்தால் வெப்பத்தை உள்ளே இழுக்கும். ஆகவே நீரைச் சூடாக்கினால் உடைவது கூடும். 60 டிகிரியில் அயனிப் பெருக்கம் 9.6 × 10⁻¹⁴ ஆகிவிடுகிறது, கிட்டத்தட்ட பத்து மடங்கு. அதன் வர்க்கமூலம் 3.1 × 10⁻⁷. மடக்கை எடுத்தால் பி.எச். 6.51.

கட்டுரையாளர் இந்த இடத்தில் நின்றுவிட்டார். ஹைட்ரஜன் அயனி மூன்று மடங்கானது உண்மை. ஆனால் ஹைட்ராக்சைடு? அதுவும் அதே 3.1 × 10⁻⁷. ஒரு மூலக்கூறு உடைந்தால் இரண்டும் சோடியாகத்தான் பிறக்கும், ஒன்று மட்டும் தனியாக வர வழியே இல்லை. அமிலம் என்றால் ஹைட்ரஜன் அயனி ஹைட்ராக்சைடை மிஞ்ச வேண்டும். இங்கே எது எதை மிஞ்சியது? இரண்டும் சமம் என்றால் நடுநிலை. 60 டிகிரியில் நடுநிலைக்கு உரிய எண் 6.51, அவ்வளவுதான். அந்தக் குவளையை மூடி 25 டிகிரிக்கு ஆறவிட்டிருந்தால், பிரிந்த சோடிகள் மறுபடி சேர்ந்து பி.எச். 7-க்கே திரும்பியிருக்கும். அமிலமாக மாறியது உண்மையானால் அந்த அமிலம் ஆறும்போது எங்கே போனது?

இதைத் திருப்பியும் பார்க்கலாம். டிசம்பர் காலையில் எங்கள் பள்ளி ஆய்வகத்துத் தண்ணீர் 10 டிகிரியில் இருக்கும். அந்தக் குளிரில் தூய நீரின் பி.எச். 7.27. கட்டுரையின் கணக்குப்படி நீலகிரியில் தண்ணீர் காலையில் காரம், அடுப்பில் ஏற்றினால் அமிலம் என்றாகிறது. இப்படியும் ஒரு தண்ணீர் உண்டா?

இந்தத் தவறோடு எனக்குப் பழைய வழக்கு உண்டு. பல வருடங்களுக்கு முன் ஒரு பயிற்சித் தேர்வில் இதே கேள்வி வந்தது. 60 டிகிரியில் பி.எச். 6.5 உள்ள தூய நீர் அமிலமா, நடுநிலையா? விடைக்குறிப்பில் அமிலம் என்று இருந்தது. 14-இலிருந்து 6.5-ஐக் கழித்தால் ஹைட்ராக்சைடுக்கு உரிய எண் 7.5, எண் கூடினால் செறிவு குறையும், ஆகவே ஹைட்ராக்சைடு குறைவு என்று காரணமும் போட்டிருந்தார்கள். அந்த 14 என்பது அயனிப் பெருக்கத்தின் மடக்கையிலிருந்து வருவது, 25 டிகிரிக்கு மட்டும் உரியது. 60 டிகிரியில் கழிக்க வேண்டியது 13.02-இலிருந்து. அப்படிக் கழித்து இரண்டும் 6.51, நடுநிலை என்று எழுதியிருந்தாள் என் மாணவி ஒருத்தி, தேயிலை பறிக்கும் அம்மாவின் மகள். மூன்று மதிப்பெண் போயிற்று. நானும் அலைந்தேன். குறிப்பை மாற்ற முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். "நான் எழுதினது தப்பா மிஸ்?" என்று அவள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

இரண்டு வருடம் முன்பு, மழைநீர் தூய்மையானது, ஆகவே அதன் பி.எச். 7 என்று தங்கள் இதழில் வந்தபோதும் எழுதினேன். காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கரைந்து கார்பானிக் அமிலம் உண்டாவதால் மாசற்ற மழைநீர்கூட 5.6 அளவில் இருக்கும் என்று சொல்லியிருந்தேன். அந்தக் கடிதம் இதழில் வரவில்லை. வருத்தம்தான். அன்று அது வந்திருந்தால் இன்றைக்கு உதவியிருக்கும். ஏனென்றால் அந்த 5.6 உண்மையான அமிலத்தன்மை. அங்கே ஹைட்ரஜன் அயனி ஹைட்ராக்சைடை மிஞ்சி நிற்கிறது. 60 டிகிரி நீரின் 6.5 அப்படிப்பட்டதல்ல.

மீட்டரில் வெப்பநிலைத் திருத்தம் இருப்பதால் அளவு சரியே என்றும் கட்டுரை சொல்கிறது. அந்தத் திருத்தம் மின்முனைக்கானது. சூட்டில் மின்முனை தரும் மில்லிவோல்ட் மாறுவதை அது சரிக்கட்டும். 60 டிகிரியில் இருக்கும் நீரின் பி.எச்.-ஐ 25 டிகிரிக்கு மாற்றிச் சொல்லாது. படத்தில் 6.5 வந்ததே அதற்குச் சாட்சி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் போட்ட கணக்கு தூய நீருக்கு மட்டும்தான். வீட்டுக் குழாய்த் தண்ணீரில் பைகார்பனேட் உப்புகள் இருக்கும். கொதிக்கும்போது கார்பன் டைஆக்சைடு வெளியேறுவதால், ஆறிய பிறகு அதன் பி.எச். பெரும்பாலும் முன்னைவிடக் கூடத்தான் செய்யும். எதிர்வீட்டுப் பாட்டி குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

நான் கேட்பது ஒரே ஒரு திருத்தம். அடுத்த ஞாயிறு, அதே பக்கத்தில், கண்ணில் படுகிற எழுத்தில்: "தூய நீரின் பி.எச். 7 என்பது 25 டிகிரியில் மட்டும். சூடான தூய நீரில் பி.எச். 7-க்குக் கீழே இருந்தாலும் அது நடுநிலையே." வந்தால் கத்தரித்து எதிர்வீட்டில் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியை,
கோத்தகிரி